பச்சை வட்டம், சிவப்பு வட்டம், பிரஸ்ஸிலிருந்து வந்த கட்டங்கள்

கேள்வி: வணக்கம் சார். காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் மா விவசாயிகள் குழுவுக்காக மாதம் ஒரு செய்திமடல் போடுகிறோம். நான்கு பக்கம்தான். வேர்டில் நானே டைப் செய்து, பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அதையே கருப்பு வெள்ளையில் அச்சடித்து உரக்கடையிலும் பால் சொசைட்டியிலும் வைப்போம். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் புள்ளிக்குப் பதில் எமோஜி போட ஆரம்பித்தேன். பிரஸ்காரர் "எல்லாம் கட்டம் கட்டமாக வருது" என்கிறார். பார்வை குறைந்த உறுப்பினர் ஒருவர், போன் படித்துக் காட்டும்போது நடுநடுவே என்னென்னவோ இங்கிலீஷ் வருகிறது என்கிறார். தலைவரோ, "எமோஜி இருந்தால்தான் நம்ம ஆட்கள் படிப்பாங்க, எடுக்காதே" என்கிறார். மொத்தமாக எடுத்துவிடட்டுமா? கடைசி இதழை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

— குழுவின் செயலாளர்

பதில்: மொத்தமாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் பக்கத்தில் மருந்து தெளிப்பு பற்றி ஆறு வரி இருக்கிறதே, அதை மட்டும் இன்றைக்கே திருத்தி, வாட்ஸ்அப் குழுவில் புதிதாகப் போட்டுவிடுங்கள். மற்ற பக்கங்களை அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம். அவை கண்ணை உறுத்துகின்றன, அவ்வளவுதான். இந்த ஆறு வரி தோட்டத்தில் தப்பான வேலை செய்ய வைக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக அந்த வரிகளை இங்கே தருகிறேன்:

🐛 பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி
🟢 காலையிலோ மாலையிலோ தெளித்தல்
🔴 பூ முழுதாக விரிந்த நேரத்தில் தெளித்தல்
🟢 முகக்கவசம், கையுறை அணிதல்
🔴 காற்றுக்கு எதிரே நின்று தெளித்தல்
🔴 இரண்டு மூன்று மருந்தைத் தாமாகக் கலந்து அடித்தல்
🟢 தெளித்த தேதியை நோட்டில் எழுதுதல்

உங்கள் போனில் இது பளிச்சென்று இருக்கும். பச்சை என்றால் செய், சிவப்பு என்றால் செய்யாதே. இப்போது வட்டங்களை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். "பூ முழுதாக விரிந்த நேரத்தில் தெளித்தல்." இது அறிவுரையா, எச்சரிக்கையா? வரியில் அதற்கான பதிலே இல்லை. "கூடாது" என்கிற சொல் எங்கும் எழுதப்படவில்லை, அந்த வேலை முழுவதையும் சிவப்பு வட்டத்திடம் ஒப்படைத்துவிட்டீர்கள். வட்டம் தொலைந்தால் தடை தொலைந்துபோகும். அதோடு நிற்காமல், செய்ய வேண்டிய வரிகளுக்கு நடுவில் நிற்பதால் அதுவும் செய்ய வேண்டியதாகவே தெரியும்.

வட்டம் தொலைவது அபூர்வமும் அல்ல. உங்கள் மடல் போகிற ஒவ்வொரு வழியிலும் அது ஒவ்வொரு விதமாகத் தொலைகிறது.

முதலில் அச்சு. உங்கள் பிரஸ்காரரைக் குறை சொல்ல முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துச் சின்ன அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கரில்தான் நிறைய வேலை நடக்கிறது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்குள் எமோஜிகள் பெருவாரியாக வந்ததே 2010-ல். பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அதனால் நீங்கள் அனுப்பும் யூனிகோட் தமிழை அவர் ஒரு கன்வெர்ட்டரில் போட்டு, பழைய எழுத்துரு ஒன்றின் குறியீட்டுக்கு மாற்றி, அப்புறம்தான் பக்கத்தில் ஒட்டுவார். கன்வெர்ட்டரிடம் அ-வுக்கு என்ன, கூ-வுக்கு என்ன என்ற பட்டியல் இருக்கும். 🔴-க்கு என்ன என்று இருக்காது. அது கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ போய் விழும். பச்சைக்கும் ஒரு கட்டம், சிவப்புக்கும் ஒரு கட்டம். நல்ல மனசோடு அவர் அந்தக் கட்டங்களை அழித்துவிட்டு எல்லா வரிக்கும் ஒரே புள்ளி போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தால் தெரிகிறது. பால் சொசைட்டிச் சுவரில் இப்போது தொங்குவது அந்தப் பிரதிதான். ஆறு வரியும் ஒரே புள்ளியோடு, ஆறும் அறிவுரையாக.

சரி, பேஜ்மேக்கரை விட்டுவிட்டு வேர்டிலிருந்தே நேராகப் பிரிண்ட் எடுத்தால்? அப்போதும் கருப்பு வெள்ளைதானே. சிவப்பு வட்டமும் பச்சை வட்டமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் வரும். அதை யாராவது ஜெராக்ஸ் எடுத்தால் இரண்டும் கருப்புப் பொட்டு. பழைய வேர்டாக இருந்தால் திரையிலேயே எமோஜி நிறமில்லாத கோட்டு உருவமாகத்தான் தெரியும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களுக்கு, அது ஆண்களிடம்தான் அதிகம், கலர் போனிலும் இதே கதைதான்.

அடுத்து போன். இரண்டு வட்டமும் ஒரே வயது என்று நினைத்திருப்பீர்கள். 🔴 யூனிகோடில் சேர்ந்தது 2010-ல். 🟢 சேர்ந்தது 2019-ல். ஒன்பது வருட இடைவெளி. உங்கள் உறுப்பினர்களில் யாராவது மகன் கழித்துக் கொடுத்த பழைய ஆண்ட்ராய்டு போனை வைத்திருந்தால், அதில் சிவப்பு தெரியும், பச்சை மட்டும் வெற்றுக் கட்டமாக நிற்கும். உங்கள் தலைப்பில் இருக்கும் மாம்பழம் 🥭 கூட 2018-ல் வந்ததுதான். இதில் ஒரு குழப்பம் என்னவென்றால், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் சொந்த எமோஜிப் படங்களைப் பயன்படுத்துகிறது. அதனால் அரட்டையில் மாம்பழம் ஒழுங்காகத் தெரியும் அதே போனில், வேறொரு செயலியில் திறந்த வேர்டு கோப்பில் கட்டம் வரலாம். "என் போனில் நன்றாகத்தானே தெரியுது" என்று சோதித்துப் பார்த்து நீங்கள் திருப்தி அடைந்ததன் காரணம் இதுவாகவும் இருக்கலாம். பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் படம் கோப்புக்குள்ளேயே போய்விடுவதால் இந்தத் தொல்லை குறையும். அந்த வகையில் நீங்கள் செய்தது சரி.

மூன்றாவது, அந்தப் பார்வை குறைந்த உறுப்பினர். அவர் கேட்கும் இங்கிலீஷ் எங்கிருந்து வருகிறது என்றால், ஒவ்வொரு எமோஜிக்கும் யூனிகோடு அமைப்பு ஒரு பெயர் வைத்திருக்கிறது. டாக்பேக் மாதிரியான திரை வாசிப்பான் படத்தைப் பார்க்காது, அந்தப் பெயரைச் சொல்லும். போனின் மொழி அமைப்பையும் குரலையும் பொறுத்துத் தமிழில் சொல்லலாம், ஆங்கிலத்தில் சொல்லலாம். உங்கள் மூன்றாம் பக்கத்தில் பதினோரு வரிக்கு முன்னால் 👉 இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயர் "பேக்ஹேண்ட் இண்டெக்ஸ் பாயிண்டிங் ரைட்". அந்த மனிதர் ஒரு பக்கம் கேட்டு முடிப்பதற்குள் இதைப் பதினோரு தரம் கேட்க வேண்டும். மெனக்கெட்டு முழுவதும் கேட்டு, உங்களிடம் வந்து சொல்லவும் செய்திருக்கிறார் பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மருந்துப் பக்கத்தில் அவருக்குத்தான் விஷயம் ஓரளவு சரியாகப் போயிருக்கும். "ரெட் சர்க்கிள்", "கிரீன் சர்க்கிள்" என்று கேட்டிருப்பார். அச்சுப் பிரதி படித்தவருக்கு அதுவும் இல்லை.

இப்போது திருத்தத்துக்கு வருவோம். எமோஜியை மாற்றுவதற்கு முன்னால் வாக்கியத்தை மாற்றுங்கள். "தெளித்தல்", "அணிதல்", "எழுதுதல்" என்று பாதியில் நிற்கிற வரிகள் எல்லாவற்றையும் வினைமுற்றோடு முடியுங்கள். தமிழில் "தெளியுங்கள்" என்பதற்கும் "தெளிக்காதீர்கள்" என்பதற்கும் இடையில் யாரும் தடுமாற மாட்டார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி

செய்யுங்கள்
• காலையிலோ மாலையிலோ, வெயில் தணிந்திருக்கும்போது தெளியுங்கள்.
• முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.
• எந்த மருந்து, எந்தத் தேதியில் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

செய்யாதீர்கள்
• பூ முழுதாக விரிந்திருக்கும்போது தெளிக்காதீர்கள். மகரந்தம் சேர்க்கும் தேனீயும் ஈயும் செத்தால் காய்ப்பிடிப்பு குறையும்.
• காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள். மருந்து உங்கள் மேலேயே விழும்.
• மருந்துகளை நீங்களாகக் கலந்து அடிக்காதீர்கள்.

தலைப்பிலேயே "செய்யாதீர்கள்" என்று சொல்லியாகிவிட்டதே, ஒவ்வொரு வரியிலும் மறுபடி எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் குழுவில் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தில் இரண்டு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் வெட்டி அடுத்த குழுவுக்கு அனுப்புவார். தலைப்பு வெட்டுப்பட்டுப் போகும். அப்போதும் அந்த வரி தன் காலில் நிற்க வேண்டும். எச்சரிக்கை வரிகளுக்கு மட்டுமாவது இதைக் கடைப்பிடியுங்கள். விழா அழைப்புக்கு இவ்வளவு ஜாக்கிரதை தேவையில்லை.

இப்படி எழுதிய பிறகு, "செய்யாதீர்கள்" என்ற தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு ❌ போட ஆசையிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். தலைப்புச் சொல்லுக்குப் பின்னால் போடுங்கள், முன்னால் வேண்டாம். வாசிப்பான் முதலில் தமிழைச் சொல்லிவிட்டு அப்புறம் அதைச் சொல்லும். தொலைந்தாலும் ஒன்றும் குறையாது. இங்கே வட்டத்தைவிட ❌ மேல், ஏனென்றால் பெருக்கல் குறி சாம்பலில் வந்தாலும் பெருக்கல் குறிதான்.

அந்த 🐛 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தத்துப்பூச்சிக்கு என்று எமோஜி கிடையாது. இருப்பதில் பக்கமாக இருக்கிறதே என்று புழுவைப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் மாம்பூவைத் தின்கிற புழுவே ஒன்று இருக்கிறது, பூங்கொத்தை நூலால் பின்னி உள்ளே உட்கார்ந்து தின்னும். தத்துப்பூச்சி அப்படி இல்லை. ஆப்பு வடிவத்தில் சின்னதாக இருக்கும், கிளையைத் தட்டினால் தத்திப் பறக்கும், சாறு உறிஞ்சும், அது கழிக்கும் இனிப்புத் திரவத்தில் இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆகி அப்புறம் கரும்பூசணம் படியும். உங்கள் தலைப்பைப் பார்த்த ஒருவர் பூங்கொத்தைப் பிரித்துப் புழு தேடிவிட்டு, "நம்ம தோட்டத்துல ஒண்ணும் இல்ல" என்று போய்விட்டால் அவர் மேல் தப்பில்லை. உங்கள் தலைவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, படம் இருந்தால் பார்ப்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்குப் படம் உதவும். அந்தப் படம் தத்துப்பூச்சியின் படமாக இருக்க வேண்டும். உறுப்பினர் தோட்டத்தில் போனில் எடுத்த ஒரு நல்ல புகைப்படம், பிசுபிசுத்த இலை ஒன்று, கீழே ஒரு வரி விளக்கம். இந்த ஒரு படத்துக்கு இடம் வேண்டுமென்றால் நாற்பது எமோஜியையும் தாராளமாகத் தூக்கலாம்.

மற்ற பக்கங்களில் இருப்பது வேறு வகைச் சிக்கல். முதல் பக்கத்தில் செய்திகளுக்கு முன்னால் 🥭 💰 🌧️ 🤝 📢 ✨ என்று வரிக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். புள்ளி என்பது நிலத்தில் நட்ட எல்லைக்கல் மாதிரி. அதை யாரும் நின்று பார்ப்பதில்லை, அங்கிருந்து அடுத்த நிலம் ஆரம்பிக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு நடப்பார்கள். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருப்பதால்தான் அது முடிகிறது. ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு படம் வந்தால், கண் ஒவ்வொன்றிடமும் நின்று "இது என்ன சொல்ல வருது" என்று யோசிக்கும். 💰 விலைச் செய்தி, புரிகிறது. ✨ எதற்கு? கூழ் தொழிற்சாலைக்கு பெங்களூரா ரக மாம்பழம் அனுப்புவதற்கான பதிவு பற்றிய வரி அது. யோசித்தும் எனக்குத் தொடர்பு பிடிபடவில்லை. உங்களுக்கும் எமோஜி தீர்ந்துபோய்க் கையில் அகப்பட்டதைப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செய்திமடல் போடுகிற எல்லோருக்கும் ஐந்தாறு வரிக்கு மேல் இதுதான் நடக்கிறது.

அதோடு ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. எமோஜியைக் கையால் டைப் செய்து ஒரு ஸ்பேஸ் விட்டு எழுதுகிறீர்கள். வேர்டைப் பொறுத்தவரை அது பட்டியலே இல்லை, சாதாரணப் பத்தி. வரி நீண்டு இரண்டாவது வரிக்கு மடங்கும்போது, அது எமோஜிக்கு நேர் கீழே, ஓரத்திலிருந்தே ஆரம்பிக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் நம் பட்டியல்களில் முக்கால்வாசி வரிகள் மடங்கும். அப்புறம் எது புதுச் செய்தி, எது போன செய்தியின் மீதி என்று இடது ஓரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் முதல் பக்கம் ஏதோ கசகசவென்று இருப்பதாகத் தோன்றினால் பாதிக் காரணம் எமோஜி, மீதிக் காரணம் இது. வண்ண எமோஜி வேறு எழுத்துருவிலிருந்து வருவதால் அது இருக்கும் வரி மட்டும் கொஞ்சம் உயர்ந்து, வரி இடைவெளியும் சீராக இருக்காது.

இதற்கு மருந்து எளிது. எமோஜிகளை அழித்துவிட்டு, அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து, வேர்டின் புல்லட் பொத்தானை அழுத்துங்கள். விசைப்பலகையில் `Ctrl+Shift+L` அழுத்தினாலும் சரி. மடங்கும் வரி தானாக உள்தள்ளி நிற்கும். திரை வாசிப்பானுக்கும் இது பட்டியல் என்று தெரிய வரும். அந்தத் தகவல் பி.டி.எஃப்.-க்குள்ளும் போக வேண்டுமானால், சேமிக்கும்போது `Save As` வழியாகப் போய் PDF-ஐத் தேர்ந்தெடுத்து, `Options`-க்குள் `Document structure tags for accessibility` என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். `Microsoft Print to PDF` வழியாகப் போனால் அந்தத் தகவல் போகாது. மாம்பழத்தையே புள்ளியாக வைக்க ரொம்ப ஆசை என்றால், புல்லட் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் `Define New Bullet`, அதில் `Symbol`, எழுத்துரு `Segoe UI Emoji` என்று போய் வைக்கலாம். எல்லா வரிக்கும் ஒரே மாம்பழம் என்றால் நான் ஆட்சேபிக்க மாட்டேன், பட்டியல் உண்மையான பட்டியலாக இருக்கிற வரைக்கும். ஆனால் அச்சுப் பிரதியில் அது வராது என்பதை இப்போதே தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.

பழ ஈ பொறி கட்டுவது பற்றிய பகுதியில் 1️⃣ 2️⃣ 3️⃣ என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சாதாரண எண்களைப் போட்டுவிடுங்கள். அந்தக் கட்ட எண் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் மூன்று குறியீடு சேர்ந்தது, கன்வெர்ட்டரில் போனால் எண்ணுக்குப் பின்னால் குப்பை ஒட்டிக்கொண்டு வரும். பத்துக்கு மேல் அந்த வரிசையே கிடையாது. நீங்களும் பதினொன்றுக்கு இரண்டு 1️⃣ சேர்த்துப் போட்டுச் சமாளித்திருக்கிறீர்கள்.

கடைசிப் பக்கத்துக் கூட்ட அறிவிப்பில் மட்டும் எமோஜி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. 📍 இடம், 🕙 நேரம், 📞 தொடர்புக்கு. மூன்றே வரி, மூன்றும் வேறு வேறு வகைத் தகவல், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "இடம்", "நேரம்" என்று சொல்லும் எழுதியிருக்கிறீர்கள். போன் நம்பர் மட்டும் வேண்டியவர் கண்ணை ஓட்டியதும் அதைப் பிடித்துவிடுவார். படம் போனாலும் சொல் இருக்கிறது. இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தேதிக்குப் போட்டிருக்கிற 📅 மட்டும் வேண்டாம். பெரும்பாலான போன்களில் அந்தக் காலண்டர் படத்துக்குள் ஜூலை 17 என்று ஒரு தேதி எழுதியிருக்கும். உங்கள் கூட்டம் வேறு தேதியில். கண்ணாடி போடாமல் பார்ப்பவர் பெரிதாகத் தெரிகிற 17-ஐ நம்பினால் என்ன செய்வீர்கள்?

இனி அனுப்பும் முறை. ஒரே கோப்பை மூன்று இடத்துக்கும் அனுப்பாதீர்கள். பிரஸ்ஸுக்குப் போகிற கோப்பில் எமோஜி ஒன்றுகூட வேண்டாம், வரிக்கு முன்னால் ஒரு ஹைபன் போட்டு அனுப்புங்கள். புள்ளி வடிவத்தை அவர் தன் எழுத்துருவில் வைத்துக்கொள்வார். நீங்களே • போட்டு அனுப்பினால், சில பழைய தமிழ் எழுத்துருக்களில் அந்த இடத்தில் ஒரு தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும், அது வேறு வம்பு. பிரஸ்ஸில் தயாரான பி.டி.எஃப்.-ஐ வாங்கி வாட்ஸ்அப்பில் போடவும் செய்யாதீர்கள். பழைய எழுத்துருவில் செய்த கோப்பில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், மேலே தமிழ் உருவம் தெரிகிறது, அவ்வளவே. டாக்பேக்கிடம் கொடுத்தால் ஒரு சொல்கூடத் தேறாது. வேர்டிலிருந்து செய்த உங்கள் பி.டி.எஃப்.-ஏ போகட்டும்.

அந்த உறுப்பினருக்காக இன்னொன்றும் செய்யுங்கள். தமிழ் பி.டி.எஃப்.-களைத் திரை வாசிப்பான் படிக்கும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி உளறுவது உண்டு. முக்கியமான பக்கத்தை, அதாவது மருந்துப் பக்கத்தையும் கூட்ட அறிவிப்பையும், வாட்ஸ்அப்பில் சாதாரண எழுத்துச் செய்தியாகவும் போட்டுவிடுங்கள். வரியின் தொடக்கத்தில் ஒரு ஹைபனும் ஒரு ஸ்பேஸும் அடித்தால் வாட்ஸ்அப்பே அதைப் புள்ளிப் பட்டியலாக ஆக்கிக்கொள்ளும், 2024-லிருந்து இந்த வசதி இருக்கிறது. `1.` என்று அடித்து ஸ்பேஸ் விட்டால் எண் பட்டியல். தனியாக அவருக்கு என்று வேண்டாம், குழுவிலேயே போடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறவர்களும் இதைத்தான் விரும்புவார்கள்.

நீங்களே ஒருமுறை காதால் கேட்டுப் பார்ப்பது நல்லது. டாக்பேக்கை முழுதாகப் போட்டால் பழக்கமில்லாதவருக்குப் போன் கைக்கு அடங்காது. ஒரு தடவை தொட்டால் தேர்வாகும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும், அணைப்பதற்குள் வியர்த்துவிடும். ஆண்ட்ராய்டு `Settings`-ல் `Accessibility`-க்குள் `Select to Speak` என்று ஒன்று இருக்கும், அது போதும். அதைப் போட்டுவிட்டு, திரையில் வரும் சின்னக் குறியைத் தொட்டு, அப்புறம் செய்தியைத் தொட்டால் அந்தப் பகுதியை மட்டும் படிக்கும். தலைவரையும் பக்கத்தில் உட்கார வைத்து மூன்றாம் பக்கத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஏழெட்டுத் தரம் அந்தப் பெயர் வந்ததும் அவரே நிறுத்தச் சொல்வார்.

பிரஸ்காரரிடம் அடுத்த மாதத்திலிருந்து ஒரு ப்ரூஃப் கேளுங்கள், அதையும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு நகல் எடுத்து, அந்த நகலைப் பார்த்துத்தான் மருந்துப் பக்கத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். பால் சொசைட்டியில் தொங்கும் பழைய பிரதியை இன்றைக்கே ஆள் அனுப்பிக் கழற்றிவிடுங்கள். உரக்கடையில் இருப்பவற்றையும் திருப்பி வாங்க முடியாவிட்டால், இரண்டாம் பக்கத்தில் அந்த மூன்று வரிக்கு நேரே பேனாவால் "கூடாது" என்று எழுதிக் கொடுத்தாலும் போதும்.